வேலையை விட்டுப் போனவரின் மெயிலும் ஆடிட்டர் கேட்கும் கேள்வியும்

[திரை: ஒரு பேமென்ட் வவுச்சர், அதன் மேல் பென்சிலால் போட்ட வட்டம்]

ஆடிட்டர் ஒரு வவுச்சரை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "இந்தச் சப்ளையருக்கு ஜூன் வரைக்கும் ஒரு ரேட், ஜூலையிலிருந்து 12 சதவீதம் கூட. இதற்கு ஒப்புதல் கொடுத்தது யார்?" பில் இருக்கிறது, பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, கணக்கு சாஃப்ட்வேரில் பதிவும் இருக்கிறது. ரேட்டை ஏற்றச் சொல்லி சப்ளையர் கேட்டதும், பேரம் பேசியதும், கடைசியில் "சரி, ஜூலை 1 முதல் ஒப்புக்கொள்கிறோம்" என்று பதில் போனதும் மெயிலில்தான் நடந்தது. அதை அனுப்பிய பர்ச்சேஸ் மேனேஜர் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார், லைசென்ஸ் செலவு வேண்டாமே என்று அவருடைய அக்கவுண்ட்டை அடுத்த வாரமே டெலிட் செய்துவிட்டார்கள்.

சின்ன கம்பெனிகளில் மெயில் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஹேக்கிங், சர்வர் கோளாறு எல்லாம் அப்புறம். அதனால் இந்த வீடியோவில் இந்த ஒரு மெயிலை வைத்தே மொத்தத்தையும் பார்க்கலாம்.

[திரை: "Delete user" பட்டன், பக்கத்தில் நாட்காட்டி]

கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஒரு யூசரை டெலிட் செய்தால் 20 நாளைக்குள் மீட்டுவிடலாம், மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாள். அதற்குப் பிறகு அட்மினாலும் முடியாது. கூகுள் வால்ட் என்பது மெயிலை இத்தனை காலம் வைத்திரு என்று ரூல் போட்டு, பிறகு தேடி எடுக்க உதவும் வசதி. "எங்களிடம் கூகுள் வால்ட் இருக்கிறதே, ரூல் போட்டிருக்கிறோமே" என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். வால்ட் ரூல் காப்பாற்றுவது, யூசர் தன் மெயிலைத் தானே அழித்தால்தான். அக்கவுண்ட்டே போய்விட்டால் வால்ட்டில் தேட எதுவும் இருக்காது. ஆகவே அங்கே ஆள் போகும்போது அக்கவுண்ட்டை டெலிட் செய்யாமல் "Archived User" லைசென்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது மெயிலை முழுவதும் எக்ஸ்போர்ட் செய்து, அது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு டெலிட் செய்யுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டில் வழி வேறு. டெலிட் செய்வதற்கு முன்பே அந்த மெயில்பாக்ஸின் மேல், மெயிலை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று சொல்லும் ரிடென்ஷன் பாலிசியோ, எதுவும் அழியாதபடி தடுத்து வைக்கும் ஹோல்டோ இருந்தால், அக்கவுண்ட் போன பிறகும் மெயில்பாக்ஸ் செயலற்ற நிலையில் தங்கிவிடும். டெலிட் செய்துவிட்டு, அந்த 30 நாளும் தாண்டிய பிறகு பாலிசி போட்டால் பயனில்லை. பலர் அதைப் பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றி வைக்கிறார்கள், 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் வேண்டாம் என்பதால். அது மோசமில்லை, ஆனால் உள்ளே போகும் அனுமதி உள்ள யாரும் அதிலிருந்து மெயிலை அழிக்க முடியும். ஆடிட்டுக்காக வைத்திருக்கிறோம் என்று சொன்னால் அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும், இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

[திரை: இரண்டு மெயில்கள் அருகருகே]

சரி, எந்த மெயிலை வைக்க வேண்டும்? இன்பாக்ஸ் வாரியாக, ஆள் வாரியாக யோசித்தால் குழப்பம்தான். அந்த மெயில் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். "பில் இணைத்துள்ளேன், நன்றி" என்று ஒரு மெயில் வருகிறது. அது வெறும் தபால் உறை. உள்ளே இருக்கும் பில்லைக் கணக்கோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிட்டால், பொதுவாக மெயிலுக்கென்று தனி மதிப்பு கிடையாது. ஜெர்மனியின் வரித்துறை விதியே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் "ஜூலை 1 முதல் ஒப்புக்கொள்கிறோம்" என்ற மெயில் வேறு. அதில் இணைப்பு எதுவும் இல்லை, அந்த வரியேதான் ஒப்பந்தம். ரேட் மாற்றம், தள்ளுபடிக்கு ஒப்புதல், சப்ளையரின் பேங்க் கணக்கு எண் மாறியதற்கான தகவல், அதை யார் போன் செய்து சரிபார்த்தார் என்ற குறிப்பு, சரக்கு குறைவாக வந்தது என்ற புகார், கடனைத் தள்ளுபடி செய்ய முதலாளி கொடுத்த அனுமதி, இவை எல்லாம் கணக்குப் பதிவுக்கு ஆதாரம். ஆடிட்டர் கேட்பதும் இவற்றைத்தான்.

இனி எத்தனை வருடம். இது நாட்டுக்கு நாடு மாறும்: பிரிட்டனில் கம்பெனிகள் கணக்கு ஆவணங்களை 6 வருடம் வைக்க வேண்டும், ஜெர்மனியில் வியாபாரக் கடிதங்களுக்கு 6 வருடம், இந்தியாவில் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டு. உங்கள் ஊர் எண் எது என்று உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இந்த எண்ணில் இல்லை, அதை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதில்.

[திரை: காலக்கோடு, 2019 முதல் 2025 வரை]

விதி 6 வருடம், நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்வோம். மெயில் வந்தது 2019 ஜனவரி 12. சட்டம் எண்ணத் தொடங்குவது அந்த நிதியாண்டு முடியும் நாளிலிருந்து, அதாவது 2019 டிசம்பர் 31. அப்படியானால் 2025 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். ஆனால் மெயில் சிஸ்டத்துக்கு உங்கள் நிதியாண்டு தெரியாது, அது மெயிலின் தேதியிலிருந்து எண்ணும். நீங்கள் 6 என்று போட்டிருந்தால் 2025 ஜனவரி 12 அன்றே அழித்துவிடும், கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னதாக. அதனால் சட்டம் சொல்வதோடு ஒரு வருடம் கூட்டிப் போடுங்கள்: 6-க்கு 7, 8-க்கு 9. பல வருடம் ஓடும் ஒப்பந்தம் என்றால் இதுவும் போதாது, ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்துதான் கணக்கு. அந்த மெயில்களைத் தனி லேபிளில் போட்டு, தானாக அழியாதபடி வையுங்கள்.

எல்லாவற்றையும் காலம் முழுக்க வைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றும். வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பயோடேட்டா, அடையாள அட்டை நகல் எல்லாம் அந்தக் குவியலில் கிடக்கும். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் போன்ற சட்டங்கள் தேவைக்கு மேல் வைத்திருப்பதையே தவறு என்கின்றன. அவற்றுக்குத் தனியாக, குறைந்த காலம் போடுங்கள்.

[திரை: மெயிலின் மூல வடிவம்]

கொடுக்கும் விதமும் முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டிலும் பார்வர்டு செய்த மெயிலிலும், மெயில் எப்போது எங்கிருந்து வந்தது என்று பதிவாகும் அசல் ஹெட்டர் இருக்காது, எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஜிமெயிலில் "Show original" போய் "Download Original" அழுத்தினால் `.eml` கோப்பாக இறங்கும். அந்த மெயிலுக்கே உரிய அடையாளமான `Message-ID`, `Date`, வந்த மெயில் என்றால் எந்த சர்வர் வழியாக வந்தது என்று சொல்லும் `Received` வரிகள் எல்லாம் அதில் இருக்கும். சப்ளையரிடம் இருக்கும் பிரதியோடு அந்த `Message-ID`-ஐ ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. வரித்துறை நோட்டீஸோ வக்கீல் கடிதமோ வந்துவிட்டால், காலம் முடிந்த மெயிலாக இருந்தாலும் அது சம்பந்தப்பட்ட எதுவும் அழியக் கூடாது. அன்றைக்கே அந்த ஆட்களின் மெயில்பாக்ஸுக்கு ஹோல்டு போடுங்கள், தேதியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். ஹோல்டு இருக்கும்வரை ரிடென்ஷன் ரூல் அவற்றை அழிக்காது.

[திரை: தேடல் பெட்டி]

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பேமென்ட்டை எடுங்கள், முடிந்தால் இப்போது கம்பெனியில் இல்லாத ஒருவர் கையாண்டதாகப் பாருங்கள். அதற்கு ஒப்புதல் கொடுத்த மெயிலை, அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் வவுச்சரை மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் `.eml` கையில் வரவில்லை என்றால், மெயில் அழிந்துவிட்டதா, இருந்தும் தேடலில் சிக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். சிக்கவில்லை என்றால் இனிமேல் ஒப்புதல் மெயிலின் சப்ஜெக்டில் பில் எண்ணையோ பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணையோ போடச் சொல்லுங்கள். அழிந்திருந்தால், அந்த ஆள் போன நாளில் அக்கவுண்ட்டை என்ன செய்தார்கள் என்று அட்மின் லாக்கில் தேடுங்கள், அது பழைய நாளாகி லாக்கும் இல்லாமல் போயிருந்தால் அப்போது அட்மினாக இருந்தவரைக் கேளுங்கள்.