மூத்தது மோழையா, இளையது காளையா?

கேள்வி: "எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. பெரியவன் சொன்ன பேச்சைக் கேட்பான். சின்னவன் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பான். 'மூத்தது மோழை, இளையது காளை, எல்லா வீட்டிலும் இதுதான்' என்கிறார் மாமியார். பெரியவனுக்கு சைக்கிள் வாங்கியதிலிருந்து சண்டை இன்னும் அதிகம். பிறந்த வரிசைதான் குணத்தைத் தீர்மானிக்கிறதா?"

இல்லை அம்மா. குணத்தைப் பொறுத்தவரை பிறந்த வரிசைக்கு அநேகமாக வேலையே இல்லை. நானும் வீட்டில் கடைக்குட்டிதான். சின்ன வயதில் நான் செய்த தவறுகளுக்கெல்லாம் 'கடைசிப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லியே தப்பவிட்டார்கள். அதனால் இந்த நம்பிக்கை பொய் என்று சொல்வதில் எனக்குச் சொந்த நஷ்டமும் உண்டு.

உங்கள் மாமியார் சொன்ன பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். மோழை என்றால் கொம்பில்லாத மாடு. நம் ஊரில் மூத்தது சாது, இளையது முரடு. வியன்னாவில் ஆல்பிரட் ஆட்லர் என்ற மனநல மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கதை சொன்னார். மூத்த பிள்ளைதான் பொறுப்பும் அதிகாரமும் உள்ளது, கடைசிப் பிள்ளை செல்லம் கொடுத்துக் கெட்டது என்றார். இன்று வரும் 'நீங்கள் எத்தனையாவது பிள்ளை' வகைப் புத்தகங்கள் பலவும் அவர் வழியில் வந்தவைதான். ஒரே வரிசைக்கு ஓரிடத்தில் மோழை, இன்னோரிடத்தில் தலைவன். இரண்டையும் கேட்டு 'அட, எங்கள் வீட்டிலும் அப்படித்தான்' என்று தலையாட்ட ஆள் இருக்கிறது. எதைச் சொன்னாலும் பொருந்துகிறது என்றால் சந்தேகப்பட வேண்டாமா?

2015-இல் ஜெர்மனிய உளவியலாளர்கள் மூவர் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசினார்கள். கலகலப்பு, பொறுப்பு, அனுசரிப்பு, பதற்றம் எதிலும் மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடு தென்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,77,000 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில் வேறுபாடு இருந்தது. ஆனால் கணக்குப் போட்டால்தான் தெரியும், கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது என்ற அளவுக்குத்தான் இருந்தது.

அப்படியானால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது என்ன? வயது. ஒன்பது வயதுப் பையனையும் ஆறு வயதுப் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறீர்கள். பெரியவன் தானே பையை அடுக்குகிறான், சின்னவன் ஷூவைத் தூக்கி எறிகிறான் என்றால் அது மூன்று வருட வித்தியாசம். மூத்தவன் குணம் என்று ஒன்றும் இல்லை. பெரியவன் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது எழுதிய பள்ளி டைரியை எடுத்துப் பாருங்கள். 'வகுப்பில் சொல் பேச்சுக் கேட்பதில்லை' என்று டீச்சர் எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆறை ஆறோடு ஒப்பிட்ட பிறகும் சின்னவன் முரடாகத் தெரிந்தால், அது அவன் பிறவிக் குணமாக இருக்கலாம். இரண்டாவதாகப் பிறந்ததால் வந்தது என்று சொல்ல அதில் ஆதாரமில்லை.

பிறந்த வரிசை உண்மையாகவே தொடுகிற இடம் ஒன்று உண்டு. மறைக்காமல் சொல்கிறேன், அறிவுத்திறன் சோதனை. நார்வேயில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது இளைஞர்களுக்கு அந்தச் சோதனை வைப்பார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேரின் மதிப்பெண்ணைப் பார்த்ததில் மூத்தவர்கள் சராசரியாக இரண்டு மூன்று புள்ளி மேலே இருந்தார்கள். 2007-இல் வந்த ஆய்வு இது. இதைக் கேட்டதும் கருப்பையில் ஏதோ நடக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். அண்ணனோ அக்காவோ கைக்குழந்தையிலேயே இறந்துபோக, வீட்டில் மூத்தவராகவே வளர்ந்த இரண்டாம் பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் மதிப்பெண் மூத்த பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தது. ஆக, பிறந்த வரிசை அல்ல, வீட்டில் எத்தனையாவது பிள்ளையின் இடத்தில் வளர்ந்தார்கள் என்பதுதான் காரணம். அந்த இரண்டு மூன்று புள்ளியும் கூட்டத்தின் சராசரிதான். பத்து ஜோடிகளை எடுத்தால் ஏறக்குறைய நான்கில் தம்பியோ தங்கையோதான் முந்துவார்.

வளர்ந்த இடத்தில் அப்படி என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதைப் பற்றியதுதான். அமெரிக்காவில் 388 குடும்பங்களில் முதல் இரண்டு பிள்ளைகளில் யார் படிப்பில் கெட்டி என்று பெற்றோரிடம் கேட்டார்கள். பெரும்பாலானோர் மூத்ததைக் காட்டினார்கள். மதிப்பெண்ணைப் பார்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒன்றுதான். அடுத்த ஆண்டு பெற்றோர் கெட்டி என்று நம்பிய பிள்ளை உண்மையிலேயே சற்று மேலே போயிருந்தது. முதலில் வந்தது நம்பிக்கை, மதிப்பெண் அதன் பின்னால் நடந்தது. இப்போது உங்கள் வீட்டில் சின்னவன் காதுபட எத்தனை தடவை 'காளை' என்று சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் இது படிப்போடும் நிற்கவில்லை, உடம்பிலும் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளைவிட வசதியான இந்தியாவில் குழந்தைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்று சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். முதல் பிள்ளை குட்டையாக இல்லை. இரண்டாவதிலிருந்து உயரம் பின்தங்கத் தொடங்கி, வரிசை போகப் போக இடைவெளி கூடியது. மூத்த ஆண் பிள்ளை மேல் நம் குடும்பங்கள் வைத்திருக்கும் தனி ஆசையே முக்கியக் காரணம் என்றார்கள். பிறந்த வரிசை எலும்புக்குள் போகும் வழி அதுதான்: யாருக்கு எவ்வளவு சோறு, யாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதில்.

சண்டைக்கு வருகிறேன். அது பொறாமையால் மட்டும் வருவதில்லை. ஒரே வீடு, ஒரே டி.வி., ஒரே அம்மா, அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் சைக்கிள் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம், வீட்டில் உனக்கும் உன் அண்ணன் அக்காவுக்கும் வித்தியாசம் காட்டுகிறார்களா என்று கேட்ட ஒரு ஆய்வு உண்டு. ஆமாம் என்றவர்களிலும் பெரும்பாலோர் அதை அநியாயம் என்று நினைக்கவில்லை. காரணம் புரிந்திருந்தால் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். காரணம் புரியாதபோதுதான் உறவு கசக்கிறது. ஆகவே இரண்டு சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. ஆறு வயதுக்காரனுக்கு இன்னும் சின்ன வயது, நீளமாக விளக்கினால் ஏறாது. 'அண்ணனுக்கு ஒன்பது வயதானதும் வாங்கினோம், உனக்கு ஒன்பது வயதாகும்போது உனக்கும் வாங்குவோம்' என்று ஒரே வரியில் சொல்லுங்கள், காலண்டரில் காட்டுங்கள், சொன்னபடி வாங்கிக் கொடுங்கள். 'அண்ணன் சமர்த்து, அதனால் சைக்கிள்' என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். முதல் வரியில் அவனுக்கும் ஒரு சைக்கிள் வரப்போகிறது. இரண்டாவதில் அவன் சமர்த்து இல்லை என்பதுதான் வருகிறது.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டாம். அந்தப் பழைய டைரியை மட்டும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.