கும்பாபிஷேகம் நேரலை: உங்க ஊர் கடிகாரத்துல எப்போ?

(திரையில்: ராஜகோபுரம், சாரம் பிரித்து, புது வர்ணத்தோடு. மங்கள வாத்தியம் மெதுவாக.)

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்ப் புள்ளிகள் எல்லாருக்கும் கோயில் நேரலைக் குழுவின் அன்பான வணக்கம்.

அழைப்பிதழ் உங்கள் கைக்கு வந்திருக்கும். மாசி 24, மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, ரிஷப லக்னத்தில், காலை 10:30 மணிக்கு மேல் 11:30 மணிக்குள் கும்பாபிஷேகம். அதில் போட்டிருப்பது நம்ம ஊர் மணி. உங்கள் ஊரில் அது எத்தனை மணி, முக்கியமாக எந்தக் கிழமை என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

(திரையில்: உலக வரைபடம். செட்டிநாட்டில் ஒரு விளக்கு.)

கிழக்கே இருந்து வருவோம். சிட்னி, மெல்போர்னில் ஞாயிறு மாலை 4 மணி. சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கில் ஞாயிறு பகல் 1 மணி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு விஷயம் கேட்பார்கள்: "ரெண்டு மணி நேரந்தானப்பா வித்தியாசம், பன்னிரண்டரைக்குத்தானே?" அவர்கள் அங்கே இருந்த காலத்துக்கு அது சரிதான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் இரண்டரை மணி. பன்னிரண்டரைக்கே உட்கார்ந்தாலும் நல்லதுதான், கடம் புறப்பாட்டை முழுசாகப் பார்க்கலாம். யாங்கோனில் பகல் 11:30. கொழும்பில் நம்ம மணியேதான். துபாயில் காலை 9. லண்டனில் விடியற்காலை 5.

(திரையில்: அமெரிக்க வரைபடம். சனி, ஞாயிறு என்று இரண்டு கட்டங்கள்.)

இனி அமெரிக்கா, கனடா. இங்கேதான் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் அது சனிக்கிழமை இரவு 9 மணி. டல்லாஸ், சிகாகோவில் சனிக்கிழமை இரவு 11 மணி. நியூஜெர்சி, டொரண்டோவில் சரியாக நள்ளிரவு 12. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண் விழித்திருந்தால் வருகிற 12 மணி அது. அழைப்பிதழில் ஞாயிறு என்று இருப்பதைப் பார்த்து, ஞாயிறு இரவு 12 மணிக்கு அலாரம் வைத்தால், இங்கே அப்போது திங்கட்கிழமை காலை. கோபுரத்தில் தண்ணீர் காய்ந்து ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் நியூஜெர்சிக்காரர்கள் "சனி இரவு 11:30-க்கு உட்காருகிறோம்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி என்று எழுதினால்தான் குழப்பமே.

இன்னொன்று. அதே ராத்திரிதான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கிறார்கள். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, விடியற்காலை 2 மணிக்கு. நியூஜெர்சியில் 2 மணி ஆகும்போது இங்கே பகல் 12:30. நம்ம முகூர்த்தம் 11:30-க்கே முடிந்துவிடும், அதனால் கும்பாபிஷேகத்துக்குப் பழைய கணக்குதான். ஆனால் அன்று மாலை 7 மணி சுவாமி திருவீதி உலாவுக்குப் புதுக் கணக்கு: நியூஜெர்சியில் ஞாயிறு காலை 9:30, கலிஃபோர்னியாவில் 6:30. காலைக்குப் பத்தரை மணி நேரம் கழித்தோமே என்று மாலைக்கும் அப்படியே கழித்தால் 8:30 என்று வரும், ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

(திரையில்: பஞ்சாங்கத்தின் ஒரு பக்கம்.)

சனிக்கிழமை ராத்திரியில் சுப காரியமா, எங்கள் ஊர் பஞ்சாங்கப்படி அந்த நேரம் எப்படி இருக்கிறது என்று சில ஆச்சிகளுக்கு மனசு உறுத்தும். கவலையே வேண்டாம். லக்னம் என்பது கோயில் இருக்கிற இடத்தில் கிழக்கே எந்த ராசி எழுகிறது என்பதை வைத்துக் குறிப்பது. காரியம் நடப்பது இந்த மண்ணில், அதனால் நேரமும் இந்த மண்ணுக்குத்தான். நீங்கள் தரிசனம் செய்கிறீர்கள், அதற்கு அங்கே ராகுகாலம் பார்க்கத் தேவையில்லை.

(திரையில்: யாகசாலை. புகை நடுவே குடங்கள்.)

முகூர்த்தம் ஒரு மணி நேரம். அதற்குள் தண்ணீர் விடுகிற அந்த நிமிஷம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அது நெருங்குவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். முதலில் ஆறாம் கால யாகம் முடிந்து பூர்ணாகுதி. பட்டுத் துணியும் தேங்காயும் அக்கினியில் சேரும். அடுத்து கடம் புறப்பாடு: சிவாச்சாரியார்கள் தலையில் குடத்தை வைத்து, மேலே குடை பிடிக்க, மேளதாளத்தோடு யாகசாலையை விட்டுக் கிளம்புவார்கள். இதைப் பார்த்தால் அடுப்படியில் இருப்பவர்களையும் கூப்பிட்டுவிடுங்கள். கோயிலைச் சுற்றி வந்து, சாரப் படி ஏறி, விமானத்துக்கும் கோபுரத்துக்கும் போய்ச் சேர்வார்கள். எல்லாக் கலசத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விழ வேண்டும், ஒரு கோபுரத்தில் சொல்வது இன்னொன்றில் கேட்காது. அதனால் கீழிருந்து பச்சைக் கொடி காட்டுவார்கள். எங்கள் கேமரா ஒன்று அந்தக் கொடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். கொடி அசைந்ததும் கோபுரத்துக்கு மாறுவோம்.

அதன் பிறகு மூலவருக்கு அபிஷேகம். கேமரா மகா மண்டபத்தோடு நின்றுவிடும், கர்ப்பக்கிரகத்துக்குள் போகாது. அந்த நேரத்தில் தீபாராதனை மணியும் வேத கோஷமும் மட்டும் கேட்கும், திரையில் கோபுரம் இருக்கும். லைன் போய்விட்டதென்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

(திரையில்: கைபேசி, யூடியூப் பக்கம்.)

இங்கே நடப்பது உங்களுக்கு அரை நிமிஷம், சில நேரம் அதற்கு மேலும் தாமதமாகத்தான் வரும். ஊரில் இருக்கும் அண்ணன் போனில் "விட்டாச்சு, விட்டாச்சு" என்று சொன்னால் பதறாதீர்கள், உங்கள் திரைக்கு இனிமேல்தான் வரும். நடுவில் நிறுத்தி வைத்திருந்தால் நேரலை என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். அதைத் தொட்டால் நடப்புக்கு வந்துவிடலாம். அதோடு, இரண்டு ஒளிபரப்பாகப் பிரித்திருக்கிறோம், காலைக்கு ஒரு லிங்க், மாலைக்கு ஒரு லிங்க். 12 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஒளிபரப்பாக ஓடினால் யூடியூப் அதைத் தானாகச் சேமித்து வைக்காது. லண்டனில் குழந்தைகள் எழுந்த பிறகு திரும்பப் பார்க்க வேண்டுமே.

லிங்க்கைத் திறந்தாலே தொடங்கும் நேரத்தை உங்கள் ஊர் மணியில் அதுவே காட்டும். பக்கத்தில் மணி அடையாளத்தை அழுத்திவிட்டால் ஞாபகப்படுத்தும். உறவினர்களுக்கு அனுப்பும்போது லிங்க்கையே அனுப்புங்கள். மணியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், சிங்கப்பூர் மணியைப் பார்த்து மெல்போர்னில் ஒருவர் காத்திருப்பார்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம்: நேரலை நடக்கும்போது ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு போட வேண்டாம். பாட்டின் உரிமைக்காரர் பெயரில் தானியங்கிப் புகார் வந்தால் ஒளிபரப்பே தடைப்படலாம். நாதஸ்வரமும் தவிலும் நேரில் வாசிப்பதற்குத் தடையில்லை.

(திரையில்: மண்டலாபிஷேக அட்டவணை.)

மறுநாளிலிருந்து மண்டலாபிஷேகம், 48 நாள், தினமும் மாலை 6 மணிக்கு ஒளிபரப்பு. லண்டனில் பகல் 12:30. மார்ச் 29-லிருந்து 1:30. சிட்னியில் இரவு 11:30. ஏப்ரல் 5-லிருந்து 10:30. சிங்கப்பூர், மலேசியா, துபாயில் கடைசி நாள் வரை மாற்றமே இல்லை.

இரண்டு லிங்க்கும் இந்த வீடியோவுக்குக் கீழே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நம்ம ஊர் மணி மாலை 6-க்கு யாகசாலையிலிருந்து ஒரு சோதனை ஒளிபரப்பு உண்டு. அப்போது படமும் சத்தமும் சரியாக வருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதுங்கள். சரி செய்ய எங்களுக்கு ஒரு நாள் கிடைக்கும்.