விலைச்சீட்டுக்குள் இருக்கும் டாலர்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். காலையில் எழுந்ததும் டாலர் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர். அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு கணக்கை மட்டும் பலர் தப்பாகப் போடுவதைப் பார்க்கிறேன். வெளிநாட்டில் ஒரு லேப்டாப்பின் விலையையும் நம்மூர்க் கடையில் அதே லேப்டாப்பின் விலையையும் ஒப்பிடுகிற கணக்கு அது.

என் அக்கா மகன் அவிநாசிப் பக்கம், மற்றவர்களின் பனியன் துணியைக் கூலிக்குப் பதப்படுத்திக் கொடுக்கும் காம்பாக்டிங் யூனிட் நடத்துகிறான். அவனுக்கு இரண்டு லேப்டாப் தேவைப்பட்டது. ஒன்று யூனிட்டுக்கு, இன்னொன்று பொறியியல் படிக்கிற மகளுக்கு. அவன் மச்சான் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறார். "மாமா, அங்க ஆயிரம் டாலருங்க. தொண்ணூறால பெருக்குனா தொண்ணூறாயிரம். அதையே காந்திபுரத்துல 1,15,990-னு போட்டிருக்காங்க. ஒண்ணுக்கு இருபத்தாறாயிரம் இறக்குமதி வரியாங்க?" என்று கேட்டான்.

நேயர்களும் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 90 ரூபாய் என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்டது. நீங்கள் போடும்போது அன்றைய மதிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் அந்த இறக்குமதி வரியைப் பார்ப்போம். லேப்டாப்புக்கு அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்பப் பொருட்கள் ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா சேர்ந்தது. கணினிகளுக்கு அடிப்படை வரி இல்லாமல் போனது அதனால்தான். துறைமுகத்தில் கட்டுவது 18 சதவீத ஜிஎஸ்டி. இங்கேயே தயாராகும் லேப்டாப்புக்கும் அதே 18 சதவீதம்தான்.

நம்மூரில் அட்டையில் ஒட்டியிருக்கும் விலை எல்லா வரியும் சேர்ந்தது. அமெரிக்காவில் அலமாரியில் எழுதியிருக்கும் ஆயிரம் டாலர் வரி சேராதது. டல்லாஸில் பில் போடும்போது எட்டேகால் சதவீதம் விற்பனை வரி சேரும், ஆக 1,082 டாலர் 50 சென்ட். (ஓரிகான் மாதிரி விற்பனை வரியே இல்லாத மாநிலங்களும் உண்டு. அங்கே வாங்கினால் ஆயிரத்தோடு முடிந்தது.) என் மாப்பிள்ளை வரி சேராத விலையை எடுத்து, வரி சேர்ந்த விலையின் பக்கத்தில் வைத்துவிட்டான். அங்கேயே கணக்கு சாய்ந்துவிட்டது.

சரி, இப்போது நம்மூர் விலையிலிருந்து வரியை உரித்துப் பார்ப்போம். 1,15,990-ஐ 1.18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 98,300 வரும். அதை அமெரிக்காவின் வரியில்லா விலையான ஆயிரத்தால் வகுத்தால் 98 ரூபாய் 30 காசு. இதைத்தான் விலைச்சீட்டுக்குள் இருக்கும் டாலர் என்று நான் சொல்வேன். சந்தையில் டாலர் 90, கடைக்காரர் சீட்டில் 98.30. நடுவில் இருக்கிற எட்டு ரூபாய் சொச்சத்தில்தான் கப்பல் கூலி, மொத்த வியாபாரியின் பங்கு, கடைக்காரரின் பங்கு எல்லாம் அடக்கம். ரூபாய் இறங்கினால் தாங்குவதற்கு என்று கம்பெனி வைத்துக்கொள்ளும் இடைவெளியும் அதிலேயே இருக்கிறது. ஒரு மாடலுக்கு ரூபாயில் விலை வைத்துவிட்டால் டாலர் ஆடுகிறதே என்று தினமும் மாற்ற முடியாது. அதனால் முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றித்தான் வைப்பார்கள். நம்மூர் ஏற்றுமதியாளர் விலை கொடுக்கும்போது டாலரைக் கொஞ்சம் குறைத்துப் பிடிப்பாரே, அதையே அவர்கள் மறுபக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

இந்த வகுத்தலை எந்த லேப்டாப்புக்கும் அரை நிமிடத்தில் போட்டுவிடலாம். உள்ளே இருக்கும் டாலர் சந்தை மதிப்பை ஒட்டி வந்தால் நியாயமான விலை. அதைவிட இருபது ரூபாய் கூடுதலாக வந்தால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் யோசனைக்கு அர்த்தம் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் அதே மாடலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருக்கும், ராம் அங்கே 8 ஜிபி, இங்கே 16 ஜிபி என்று இருக்கும். அட்டையின் அடியில் இருக்கும் முழு மாடல் எண்ணை ஒத்துப் பாருங்கள்.

இனி இரண்டு லேப்டாப்பையும் தனித்தனியாகப் பார்ப்போம். யூனிட்டுக்கு வாங்குவதில் குழப்பமே இல்லை. அவனுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, கூலிக்கு வரி போட்டுத்தான் பில் கொடுக்கிறான். நம்மூர்க் கடையில் தன் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்கினால், அதில் இருக்கும் ஏறக்குறைய 17,700 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது அவன் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, திரும்பிவிடும். அவனுக்கு அடக்கம் 98,300 ரூபாய். டல்லாஸில் மச்சான் வாங்கினால் 1,082.50-ஐ 90-ஆல் பெருக்கி 97,400. அந்த அமெரிக்க வரியை இங்கே யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஒருவேளை இங்கிருந்து கிரெடிட் கார்டில் கட்டினால், பல வங்கிகள் அந்நியச் செலாவணிக்கு மூன்றரை சதவீதம் கூடுதலாக எடுக்கும், அந்தக் கூடுதலுக்கு மேல் ஜிஎஸ்டியும் உண்டு. அப்போது 1,01,400-ஐத் தாண்டிவிடும். இருபத்தாறாயிரம் லாபம் என்று தொடங்கியது, கடைசியில் தொள்ளாயிரம் ரூபாய் லாபம் அல்லது மூவாயிரம் நட்டம் என்று வந்து நின்றது.

இதில் எங்கள் ஏற்றுமதியாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரி கட்டாமல் உறுதிப் பத்திரம் கொடுத்து ஏற்றுமதி செய்பவர்களுக்கு, லேப்டாப் போன்ற மூலதனப் பொருளின் ஜிஎஸ்டி பணமாகத் திரும்பி வராது. உள்ளூர் விற்பனைக்குக் கட்டும் வரியில்தான் கழிக்க முடியும். உள்ளூர் விற்பனையே இல்லையென்றால் அது கணக்கேட்டில் அப்படியே கிடக்கும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவே கிடையாது.

மகளின் லேப்டாப் கதை வேறு. அதையும் கம்பெனி பேரில் பில் போட்டுவிடலாமா என்று அவன் கேட்டான். தொழிலுக்குப் பயன்படாத பொருளுக்கு வரவு எடுக்கக் கூடாது மாப்பிள்ளை, தணிக்கையில் வட்டியோடு கட்ட வேண்டி வரும் என்றேன். அப்படியானால் இங்கே 1,15,990, அங்கே 97,400. பதினெட்டாயிரம் வித்தியாசம் உண்மையான வித்தியாசம்தான். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். இரண்டாவது லேப்டாப் இருந்தால் அது பொதுச் சலுகை வரம்புக்குள் போய்விடும், அதைத் தாண்டினால் வரி 18 சதவீதத்தைவிட நிறைய அதிகம். கூரியரில் அனுப்பினால் இந்தச் சலுகை பொருந்தாது.

எனக்கு உறுத்துவது பழுது பார்க்கும் விஷயம். நானே சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு மாடல் ஒன்றை வாங்கி வரவழைத்தேன். திரையின் கீல் உடைந்தபோது, அந்த மாடல் இந்தியாவில் விற்பதில்லை, உதிரிப்பாகம் வராது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்தார்கள். வாரண்டிக் காலம் இன்னும் ஏழு மாதம் மீதி இருந்தது. அதனால் வாங்குவதற்கு முன்பே அந்த மாடல் எண் கம்பெனியின் இந்திய வலைத்தளத்தில் இருக்கிறதா, வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். செல்லும் என்று மின்னஞ்சலில் பதில் வந்தது.

யூனிட்டுக்கானதைக் காந்திபுரத்தில் வாங்கினான். அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குப் பிறகு ஜிஎஸ்டி தளத்தில் 2பி அறிக்கையைத் திறந்து, கடைக்காரர் அந்தப் பில்லை ஏற்றியிருக்கிறாரா என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம், இருந்தது. மகளுடையது தீபாவளிக்கு மச்சானோடு வருகிறது. அவருடைய ஆபீஸ் லேப்டாப்பும் கூட வருவதால், புதியதை அவர் மனைவி தன் பையில் பில்லோடு எடுத்து வருகிறார்.