அவர் கவுன்சிலிங்குக்கு வர மாட்டேன் என்கிறார்... அப்புறம்?

வணக்கம். தம்பதிகளுக்குக் கவுன்சிலிங் கொடுப்பதுதான் என் வேலை. என்னிடம் முதலில் போன் செய்வது பெரும்பாலும் ஒருவர் மட்டும்தான். "நான் ரெடி, அவர்தான் வர மாட்டேன் என்கிறார்" என்பார்கள். அந்த ஒருவருக்காகத்தான் இந்த வீடியோ.

எப்போது போகலாம்? எத்தனை முறை சண்டை வந்தது என்று எண்ணாதீர்கள். சண்டை எப்படி முடிகிறது என்று பாருங்கள். பணம், பிள்ளை, மாமியார் என்று விஷயம் மாறினாலும், ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்பதும் மற்றவர் வாயை மூடிக்கொள்வதும் அப்படியே இருக்கிறதா? பேசித் தீர்க்காமல், அலுத்துப்போய் மட்டும் சமாதானம் ஆகிறீர்களா? அப்படியானால் போகலாம். இளக்காரம் பேச்சில் நுழைந்துவிட்டால் தள்ளிப் போடவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடி, மிரட்டல், "அங்கே உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்குமோ" என்ற பயம் இருந்தால், சேர்ந்து உட்கார வேண்டாம். அங்கே சொன்ன வார்த்தைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கலாம். தனியாக உதவி தேடுங்கள், பாதுகாப்புதான் முதல் வேலை.

சரி, மறுப்புக்கு வருவோம். ஒரு பெண் வந்திருந்தார், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சண்டை உச்சத்தில் இருக்கும்போது கணவரிடம், "உங்களையெல்லாம் கவுன்சிலிங்குக்குத்தான் கூட்டிப் போகணும்" என்று சொல்லியிருக்கிறார். அவர், "நம்ம விஷயத்தை மூன்றாவது ஆளிடம் பஞ்சாயத்துக்குக் கொண்டு போகணுமா?" என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் காதில் விழுந்தது அழைப்பு இல்லை, தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் ஏறச் சொன்னால் யார் ஏறுவார்கள்?

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான்: போன வாரச் சண்டையை, யார் முதலில் என்ன சொன்னார்கள், அடுத்து என்ன என்று வரிசையாக எழுதுங்கள். எழுதியதும் அவருக்கே தெரிந்தது. கணவர் பதில் சொல்லாமல் போனை எடுத்ததும், ஒரு நிமிடத்துக்குள் இவருடைய அடுத்த கேள்வி, கொஞ்சம் சத்தமாக. கணவர் எழுந்து வேறு அறைக்குப் போகிறார், இவர் பின்னாலேயே போகிறார். கணவர் பேசாமல் இருப்பது தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுழலில் இவர் கையில் இருந்தது இவருடைய இரண்டாவது கேள்வி மட்டும்தான்.

அதனால் கணவர் மௌனமானதும், "இப்போது வேண்டாம், ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், ஒன்பது மணிக்கு மறக்காமல் பேச வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பேசாமல் விட்டால் அது வெறும் ஒத்திப்போடல்தான். முதல் இரண்டு வாரம் பலன் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் ஒன்பது மணிக்கு கணவரே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அதற்கப்புறம்தான், சண்டை இல்லாத ஒரு நாளில், இவர் மறுபடி கேட்டார்: "உங்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லைங்க. ஒரே ஒரு முறை வருகிறீர்களா? யாரிடம் போவது என்று நீங்களே பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிட மாட்டேன்." பழியைத் தன் தேவையாக மாற்றினார், எண்ணிக்கைக்கு எல்லை வைத்தார், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடம் கொடுத்தார். கணவர் ஒத்துக்கொண்டார். ஆனால் என்னிடம் வரவில்லை, நானும் வரச் சொல்லவில்லை. பல வாரம் மனைவி பக்கத்தை மட்டும் கேட்ட என்னை அவர் எப்படி நடுநிலையான ஆளாக நம்புவார்? வேறு ஒருவரிடம் அனுப்பினேன்.

எல்லா மறுப்பும் இப்படிப் பயத்தில் வருவதில்லை. சிலர் மனதளவில் ஏற்கெனவே பாதி வெளியே போயிருப்பார்கள். உறவைச் சரிசெய்யலாம் என்று கூப்பிட்டால் அவர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் கடமைக்கு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கென்றே அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டோஹர்டி ஒரு முறையை உருவாக்கினார், 'டிசெர்ன்மென்ட் கவுன்சிலிங்' என்று பெயர். அதிகபட்சம் 5 சந்திப்பு. அங்கே உறவைச் சரிசெய்வது நோக்கமே இல்லை. பிரிவதா, இப்படியே இருப்பதா, ஆறு மாதம் முழு மனதோடு முயற்சி செய்வதா என்று தெளிவடைவதுதான் வேலை. "முடிவு செய்யத்தான் கூப்பிடுகிறேன், உன்னை மாற்ற இல்லை" என்றால் வருகிறவர்களும் உண்டு.

அதற்கும் வரவில்லை என்றால்? தனியாகப் போகிறவர்களிடம் நான் முதல் நாளே ஒரு தேதி குறிக்கச் சொல்வேன், இரண்டு மூன்று மாதம் தள்ளி. அதுவரை உங்கள் பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்தத் தேதியில் கவுன்சிலரிடம் போய் உட்கார்ந்து, உங்கள் துணை வருவாரா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, இவர் இப்படியேதான் இருப்பார் என்றால் நான் இந்த வீட்டில் எப்படி இருக்கப் போகிறேன் என்ற கேள்வியை எடுங்கள்.