டாஷ்போர்டு பழைய நம்பர் காட்டுச்சுன்னா மேனேஜருக்கு மெயில் எப்படி எழுதுறது?

வணக்கம். பவர் பிஐ டாஷ்போர்டுல அடிக்கடி நடக்கிற ஒரு கோளாறை எடுத்துக்கலாம். நேத்து செவ்வாய்க்கிழமை. காலையில 9 மணிக்கு மேனேஜர் திறந்து பாத்தா ஞாயிறு வரைக்கும்தான் விற்பனை தெரியுது, திங்கள் விற்பனையே இல்ல. ஆனா மேல "கடைசி ரெஃப்ரெஷ் காலை 6:10"னு போட்டிருக்கு. ரெஃப்ரெஷ் ஃபெயில் ஆகல, அதனால எச்சரிக்கை மெயிலும் வரல.

காரணம் இதுதான். தினமும் 5:20-க்கு முடியுற டேட்டா லோடு, ஒரு கடையோட பில் ஃபைல் லேட்டா வந்ததால 6:50-க்குத்தான் முடிஞ்சுது. ரெஃப்ரெஷ் வழக்கம்போல 6 மணிக்கே ஓடி, பழைய டேட்டாவை எடுத்துக்கிட்டு "சக்சஸ்"னு முடிச்சிருச்சு.

இதை மேனேஜர்கிட்ட சொல்லும்போது சர்வர், பைப்லைன்னு ஆரம்பிக்காதீங்க. அவருக்கு முதல்ல தெரிய வேண்டியது, நேத்து பாத்த நம்பரை வச்சு எடுத்த முடிவு நிக்குமா நிக்காதாங்கிறதுதான். அதனால மெயில் இப்படிப் போகட்டும்:

"சார், நேத்து காலை 9 மணியிலிருந்து 11:40 வரை டாஷ்போர்டில் திங்கள் விற்பனை சேரவில்லை. ஞாயிறு வரையிலான எண்கள் சரி. எந்த பில்லும் தொலையவில்லை. அந்த நேரத்தில் எடுத்த 'மாத இலக்கு' பக்கம் மட்டும் குறைவாகக் காட்டியிருக்கும், அதை மீட்டிங்கில் பயன்படுத்தியிருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையின் ஃபைல் தாமதமானதால் டேட்டா வந்து சேரும் முன்பே ரெஃப்ரெஷ் ஓடிவிட்டது. 11:40-க்கு மறுபடி ரெஃப்ரெஷ் செய்து, திங்கள் மொத்தத்தை பில்லிங் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டோம், பொருந்துகிறது. இன்று முதல் டேட்டா லோடு முடிந்த பிறகுதான் ரெஃப்ரெஷ் தொடங்கும்."

எந்தக் கடை, யார் அனுப்பலைன்னு இதுல எழுதாதீங்க. அது தனியா பேச வேண்டிய விஷயம்.

"சரி செஞ்சாச்சு"ன்னு மட்டும் எழுதினா போதாது. கையால ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணது நேத்தைய நம்பரைத்தான் சரி பண்ணும், நாளைக்கும் ஃபைல் லேட்டானா இதேதான் நடக்கும். ரெஃப்ரெஷ் நேரத்தை 7:30-க்குத் தள்ளி வைக்கிறதும் தீர்வு இல்ல, ஒருநாள் லோடு 8 மணிக்கு முடியும். லோடு ஜாப்போட கடைசிப் படியே பவர் பிஐ ரெஸ்ட் ஏபிஐ மூலமா ரெஃப்ரெஷைத் தொடங்கணும்.

கூடவே ரிப்போர்ட்ல ரெஃப்ரெஷ் நேரத்துக்குப் பதிலா டேட்டா எந்தத் தேதி வரைக்கும் இருக்குன்னு ஒரு கார்டு வைங்க:

```
Data Upto = CALCULATE(MAX(Sales[BillDate]), ALL(Sales))
```

ஆனா இதை முழுசா நம்பக்கூடாது. ஒரே ஒரு கடையோட திங்கள் பில் வந்தாலும் இது திங்கள்னுதான் காட்டும். அதனால "திங்கள்: 42-ல் 41 கடை"ங்கிற மாதிரி கடை எண்ணிக்கையும் பக்கத்துல வரணும். அந்தக் கார்டு எங்க இருக்குன்னு மெயில்லயே ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டுருங்க. அடுத்த தடவை உங்களைக் கேக்காமலே மேனேஜர் பாத்துக்குவார்.