நொண்டும் கால், உடைந்த கணுக்கால், வழி தவறிய ஒருவன்

நேயர்களுக்கு வணக்கம்.

'தி லாங்கஸ்ட் டே' படத்தை முதல் முறை பார்த்தபோது, அரை மணி நேரத்துக்குள் யார் எந்தப் பக்கம் என்றே எனக்குக் குழம்பிவிட்டது. 1962இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய கதை. மூன்று மணி நேரம் ஓடும். அமெரிக்கர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். இரண்டாம் முறை ஒரு தாளை வைத்துக்கொண்டு, யாரை எதைக் கொண்டு அடையாளம் கண்டேன் என்று குறித்தேன். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முக்கியமான பலர் முதலில் வரும்போது அவர்களுடைய பெயரும் பதவியும் திரையில் எழுத்தாக வரும். என் தாளில் அந்தப் பெயர்களில் பாதிகூட இல்லை. எழுத்து மறைந்ததுமே பெயரும் மறந்துபோகிறது. ஒரே ஒரு காட்சியில் வந்துபோகும் தளபதிகளுக்கு அந்த எழுத்தால் பெரிய பயன் இல்லை. நட்சத்திர முகங்களும் அப்படித்தான். ஜான் வெயினை அன்றைய ரசிகர் தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பார். இன்று இருபது வயதில் பார்ப்பவருக்கு அவரும் தொப்பி போட்ட இன்னொரு அதிகாரிதான்.

உண்மையில் கைகொடுப்பது மொழி. ஜெர்மானியர் ஜெர்மன் பேசுகிறார்கள், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு பேசுகிறார்கள், கீழே வசன வரிகள் ஓடுகின்றன. வாய் திறந்த உடனே எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடுகிறது. எல்லோரும் ஆங்கிலம் பேசும் ஒரு பிரதியும் உண்டு. முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள், இந்தத் துணை அதில் அப்படியே போய்விடுகிறது.

அப்புறம், ஆளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு குறை. ஜான் வெயின் நடித்த வாண்டர்வூர்ட் பாராசூட்டில் இறங்கும்போது கணுக்கால் உடைகிறது. அதன் பிறகு துப்பாக்கியை ஊன்றி நடக்கிறார், ஒரு கட்டத்தில் வண்டியில் வைத்து இழுத்துப்போகிறார்கள். படம் இருபது நிமிடம் வேறு கடற்கரையில் இருந்துவிட்டு அவரிடம் திரும்பினாலும், அந்தக் காலைப் பார்த்ததும் ஆள் யார் என்று தெரிகிறது. வலியோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதும் தெரிகிறது.

இன்னொரு சின்னப் பொருள், விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் தகரக் கருவி. இருட்டில் ஒரு தடவை அழுத்தினால், நம் ஆளாக இருந்தால் இரண்டு தடவை பதில் வரவேண்டும். இந்த விதியைப் புறப்படும் முன்பே வீரர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள், கூடவே நமக்கும். பிறகு ஓர் இளம் வீரன் அழுத்துகிறான். இரண்டு சத்தம் கேட்கிறது. நம்பி எழுந்து நிற்கிறான், சுடப்படுகிறான். கேட்டது ஜெர்மானியத் துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிய சத்தம். அவன் பெயர் பலருக்கு நினைவிருக்காது. ஆனால் விதியை அவனோடு சேர்ந்து கற்றுக்கொண்டோம் என்பதால், அவன் எழும்போதே நமக்கு மனசு பதறுகிறது.

எல்லாப் படமும் இந்த வழியில் போவதில்லை. 2017இல் வந்த 'டன்கிர்க்' ஆட்களுக்குப் பதில் இடத்துக்கும் நேரத்துக்கும் பெயர் எழுதுகிறது. கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம். மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கரையில் உள்ள இளைஞர்கள் ஒரே சாயலில் இருப்பதால் அங்கே நான் தடுமாறினேன். ஆனால் படகில் நடுங்கியபடி உட்கார்ந்திருக்கும் ஒரு வீரரை, இன்னொரு இழையில் நிதானமாக உத்தரவு போடுபவராகப் பார்க்கிறோம். அது முன்பு நடந்தது என்று பிடிபடும்போது, இடையில் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று தானாகவே புரிகிறது.

சரி, என் தாளின் கடைசி வரிக்கு வருகிறேன். 'லாங்கஸ்ட் டே'யின் தொடக்கத்தில் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிப்பாய் தாயக்கட்டைச் சூதில் பெரிய தொகை ஜெயிக்கிறான். முன்பு ஒரு முறை ஜெயித்த பிறகு கால் உடைந்தது நினைவுக்கு வர, பயந்துபோய் அத்தனையையும் வேண்டுமென்றே தோற்கிறான். கேம்பெல் என்ற ஆங்கிலேய விமானி, வீழ்ந்துபோன தோழனை நினைத்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் தேவையில்லாத துணுக்குகள் என்று முதலில் நினைத்தேன். படம் முடியும் தறுவாயில், நாள் முழுக்க வழி தவறி அலைந்த ஷுல்ட்ஸ், விமானம் வீழ்ந்து காலில் அடிபட்டுக் கிடக்கும் கேம்பெல்லிடம் வந்து சேருகிறான். கிழிந்த காலை ஊக்குகள் பிடித்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு ஜெர்மானியர் இறந்து கிடக்கிறார், அவருடைய பூட்ஸ் கால் மாற்றிப் போட்டிருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று ஷுல்ட்ஸ் கேட்கிறான்.

வணக்கம்.