நெறியாளரை மாற்றக் கேட்டு ஒரு கடிதம்

வணக்கம் நேயர்களே.

இந்த உரையைக் கேட்பவர்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பிள்ளைகளும் இருப்பீர்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருப்பீர்கள். இரு தரப்பையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன். ஏனென்றால் நெறியாளரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் முதல் தடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. “குருவை மாற்றுவதா? அவர் மனம் நோகாதா?” என்று கேட்கிறார் அம்மா. நம் சமூகமும் சிறியது. அதே பேராசிரியரை நாளைக்குக் கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ பார்க்க வேண்டி வரும். அதனால் பிள்ளை வாயைத் திறக்காமல் ஒரு செமஸ்டரைக் கழிக்கிறது, பிறகு இன்னொன்றையும் கழிக்கிறது. கடைசியில் பொறுமை தீர்ந்து, கோபத்தோடு எழுதிய நான்கு பக்கக் கடிதம் ஒன்று துறைக்குப் போய்ச் சேர்கிறது.

பினாங்கில் முதுநிலைப் படிப்புக் குழுவில் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட கடிதங்களை வாசித்திருக்கிறேன். நியாயம் மாணவர் பக்கம் இருந்தும், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போனதுண்டு. அந்த வருத்தத்தில்தான் இன்றைக்கு இதைப் பேச ஒப்புக்கொண்டேன்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இவர் உண்மையில் உள்ள ஒருவர் அல்லர், பலரிடம் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். செபராங் பிறையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் புது இடத்தில் எப்படிப் பிழைப்புத் தேடிக்கொண்டன என்பது இவருடைய ஆய்வு. நெறியாளர் வாய்மொழி வரலாற்றில் கைதேர்ந்தவர். முதியவர்களிடம் எப்படிக் கேட்பது, எங்கே பேசாமல் இருப்பது என்பதையெல்லாம் அவரிடம்தான் இந்த மாணவி கற்றார். பிறகு ஆய்வுத் திட்டத்தை மதிப்பீட்டாளர்கள் முன்னால் விளக்கும் புரோபோசல் டிஃபென்ஸ் நடந்தது. நேர்காணல் மட்டும் போதாது, குடும்ப வருமானத்தைப் பற்றி ஒரு கணக்கெடுப்பும் வேண்டும், அதைப் புள்ளியியல் முறையில் பகுத்துக் காட்ட வேண்டும் என்று மதிப்பீட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். நெறியாளருக்கு அந்தத் துறையில் பழக்கமில்லை. இதற்கிடையில் அவருக்கு நிர்வாகப் பொறுப்பு ஒன்றும் வந்து சேர்ந்தது. அனுப்பிய அத்தியாயம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகிறது. அதோடு அவர் அடுத்த ஆண்டு 60 வயதை எட்டுகிறார். மலேசிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அது கட்டாய ஓய்வு வயது. அதன்பிறகு ஒப்பந்தத்தில் தொடர்வாரா என்பது அவருக்கே தெரியாது.

ஆக, மூன்று காரணங்கள். இந்த மாணவிக்கு மனத்தில் அதிகம் உறுத்துவது தாமதம். கடிதம் எழுத உட்கார்ந்தால் கை முதலில் அதைத்தான் எழுதும். ஆனால் குழுவுக்கு வலுவாகத் தெரிவது மற்ற இரண்டும்தான். ஆய்வு முறை மாறியதும் ஓய்வு நெருங்குவதும் யாருடைய குற்றமும் அல்ல, யாரும் மறுக்கவும் முடியாது. தாமதம் அப்படியல்ல, அதற்கு இன்னொரு பக்கக் கதை கட்டாயம் இருக்கும். குழு அந்தக் கதையைக் கேட்கப் போனால் விசாரணை தொடங்கிவிடும், விசாரணை முடியும்வரை மாற்றம் நடக்காது. யார்மேல் பிழை என்று கண்டுபிடிப்பது குழுவின் வேலை இல்லை. இந்தப் பிள்ளை இனி யாருடைய கையில் இருந்தால் ஆய்வை முடிப்பார் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குழு உங்கள் கடிதத்தைத் தனியாக வாசிப்பதில்லை. செமஸ்டர்தோறும் நீங்கள் கையெழுத்திட்ட முன்னேற்ற அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். “நெறியாளரைத் தவறாமல் சந்திக்கிறேன், முன்னேற்றம் திருப்திகரம்” என்று போன செமஸ்டர் நீங்களே குறித்திருப்பீர்கள், சங்கடத்துக்காக. இப்போது “ஒரு வருடமாக வழிகாட்டுதலே இல்லை” என்று எழுதினால் எதை நம்புவது? ஆகவே அடுத்த முன்னேற்ற அறிக்கையில் உள்ளதை உள்ளபடி குறியுங்கள். அதில் ஒரு வரி உண்மை இருந்தால், கடிதத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்காது.

கடிதத்துக்கு முன்னால் நெறியாளரிடம் நேரில் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் அல்ல, அறைக்குப் போய். “டாக்டர், கணக்கெடுப்புப் பகுதிக்குப் புள்ளியியல் தெரிந்த ஒருவர் முதன்மை நெறியாளராக இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். நீங்கள் இணை நெறியாளராகத் தொடர முடியுமா?” இவ்வளவு போதும். இங்கே அலுவல் கடிதங்களில் ‘மெலாலுயி’ என்று ஒரு வரி வரும், இன்னார் வழியாக அனுப்பப்படுகிறது என்று காட்ட. அந்த வரியில் இருக்க வேண்டியது இப்போதைய நெறியாளரின் பெயர். விண்ணப்பப் பாரத்திலும் அவர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கும். தன் மாணவி விலகுகிறாள் என்பதை ஒருவர் பாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. மரியாதை என்று நான் சொல்வது முதலில் இதைத்தான். பணிவான சொற்கள் அதற்குப் பிறகு.

இணை நெறியாளர் என்ற யோசனையைச் சற்று விளக்க வேண்டும், பல மாற்றங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். இந்த மாணவிக்கு மாத உதவித்தொகை நெறியாளர் பெற்ற ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ் போன்ற மானியங்களில் ஆய்வுக் கட்டுரைகள் மட்டும் கணக்கில்லை, பட்ட மாணவரை உருவாக்குவதும் ஒப்புக்கொண்ட பலன்களில் ஒன்று. மாணவி அடியோடு விலகினால் நெறியாளரின் மானிய அறிக்கையில் ஓர் இடம் காலியாகும். அவர் தயங்குவதைப் பார்த்துப் பிடிவாதம் என்று மாணவர் நினைத்துக்கொள்வார், பெரும்பாலும் அது இந்தக் கணக்குதான். அவர் இணை நெறியாளராகத் தொடர்ந்தால் அந்த இடம் காலியாகாமல் காக்க வழி உண்டு. உதவித்தொகை தொடரவும், அந்த மானியத்தில் சேகரித்த நேர்காணல் பதிவுகளை ஆய்வேட்டில் பயன்படுத்தவும் பேச முடியும். இதை மானியத்தைக் கவனிக்கும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்காமல் மாற்றிவிட்டு, அடுத்த மாதம் பணம் வரவில்லை என்று ஓடி வந்த பிள்ளைகள் உண்டு.

புதிய நெறியாளரின் ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். “பொருத்தமான ஒருவரை நியமித்துத் தரவும்” என்று முடியும் கடிதம் பெரும்பாலும் திரும்பி வரும். ஒருவர் இத்தனை மாணவரைத்தான் ஏற்கலாம் என்ற வரம்பு பல இடங்களில் இருக்கிறது, அவருடைய பட்டியலில் இடம் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கடிதம். நிஜத்தில் இது மலாயிலோ ஆங்கிலத்திலோ போகும். உங்களுக்காகத் தமிழில் வாசிக்கிறேன்.

“மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு. முதன்மை நெறியாளரை மாற்ற விண்ணப்பம். நான் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் செமஸ்டரில் இருக்கிறேன். என் ஆய்வுத் திட்டம் சென்ற ஆண்டு ஏற்கப்பட்டது. அப்போது மதிப்பீட்டாளர்கள் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். அவர்களுடைய அறிக்கையை இணைத்துள்ளேன். என் நெறியாளரின் துறை வாய்மொழி வரலாறு. நேர்காணல் பகுதி முழுவதும் அவருடைய வழிகாட்டுதலில் நிறைவடைந்தது, அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள். கணக்கெடுப்புப் பகுதிக்குப் புள்ளியியல் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. மேலும் அவர் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார், என் ஆய்வேடு அதற்குப் பின்னரே நிறைவடையும். மூன்றாம் அத்தியாயத்தை மார்ச் மாதம் அவரிடம் சமர்ப்பித்தேன். அவருடைய நிர்வாகப் பொறுப்புகளின் காரணமாக அதன்மீதான கலந்துரையாடல் இன்னும் நடைபெறவில்லை. இது குறித்து அவருடன் நேரில் பேசினேன். இணை நெறியாளராகத் தொடர அவர் இசைந்துள்ளார். முதன்மை நெறியாளராகப் பொறுப்பேற்க இத்துறையின் விரிவுரையாளர் ஒருவர் ஒப்புதல் தந்துள்ளார், அவருடைய கடிதமும் இணைப்பில் உள்ளது. ஆய்வின் தலைப்பில் மாற்றம் இல்லை. எஞ்சிய பணிகளின் கால அட்டவணையை இணைத்துள்ளேன். தங்கள் பரிசீலனைக்கு நன்றி.”

அவ்வளவுதான், ஒரு பக்கம். தாமதம் எங்கே வருகிறது என்று கவனித்திருப்பீர்கள். அது மறைக்கப்படவில்லை. மாதத்தின் பெயரோடு, காரணத்தோடு, “எப்போதும்”, “ஒருபோதும்” போன்ற சொற்கள் இல்லாமல் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டது. “அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள்” என்பது வெறும் உபசாரமும் இல்லை. எந்தப் பகுதி யாருடைய வழிகாட்டுதலில் முடிந்தது என்பதற்கு அது ஒரு பதிவு. நாளைக்கு அந்த நேர்காணல்களிலிருந்து கட்டுரை எழுதும்போது யார் பெயர் இடம்பெற வேண்டும் என்ற கேள்வி எழுந்தால், இந்த வரி இரு தரப்புக்கும் உதவும்.

நெறியாளர் இசையாவிட்டால்? அப்போதும் இதே கடிதம்தான். “இசைந்துள்ளார்” என்ற இடத்தில் “அவருடைய கருத்தைத் துறை நேரில் கேட்டறிய வேண்டுகிறேன்” என்று எழுதுங்கள். அவர் சார்பில் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். பாலியல் தொல்லை, மிரட்டல், உங்கள் உழைப்பைத் தன் பெயரில் வெளியிடுவது போன்றவை இருந்தால் அது இந்தக் கடிதத்துக்குரிய விஷயமே அல்ல. நெறியாளரிடம் முதலில் பேச வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே கிடையாது. அவற்றுக்குப் பல்கலைக்கழகத்தில் தனிப் புகார் வழி இருக்கிறது, பாலியல் தொல்லைக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் நடுவர் மன்றமும் இருக்கின்றன. அந்தப் புகாரை மரியாதைச் சொற்களில் பொதிந்து இந்தக் கடிதத்துக்குள் நுழைத்தால், புகாரும் விசாரிக்கப்படாது, மாற்றமும் நடக்காது.

மாற்றம் ஏற்கப்பட்ட பிறகு பலரும் மறக்கும் ஒரு வேலை இருக்கிறது. மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருப்பீர்கள். நேர்காணலுக்கு முன்னால் அந்தத் தோட்டத்துப் பாட்டியிடம் கொடுத்த தகவல் தாளில் நெறியாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், சந்தேகம் வந்தால் அழைப்பதற்கு. நெறியாளர் மாறினால் அந்தத் தாளும் மாற வேண்டும், நெறிமுறைக் குழுவிடம் திருத்தத்துக்கு எழுத வேண்டும். திருத்தம் வரும்வரை கணக்கெடுப்பைத் தொடங்காதீர்கள். பழைய தாளோடு திரட்டிய தகவலைப் பின்னர் ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகலாம்.

கடிதம் கொடுத்த நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையில், நீங்கள் இன்னும் பழைய நெறியாளரின் மாணவர்தான். அந்த செமஸ்டரின் முன்னேற்ற அறிக்கையை அவரிடமே கொடுங்கள். அத்தியாயங்களை அவருக்கே அனுப்பிவிட்டு, புதியவருக்கு ஒரு பிரதி போகிறது என்பதை அதே மின்னஞ்சலில் தெரியப்படுத்துங்கள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.